ஆறு மாத நோட்டை வைத்து ஒரு வாடிக்கையாளரின் மதிப்பைக் கணக்கிடுவது

கேள்வி: ஐயா, காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை 450 பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஆர்டர் சராசரியாக 720 ரூபாய். மே மாதம் விளம்பரத்துக்கு 24,000 ரூபாய் செலவு செய்தேன், புதிதாக 100 பேர் வந்தார்கள். விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்காரர், "மாதம் நாலில் ஒருவர் திரும்ப வாங்குகிறார். ஒரு கஸ்டமர் மூன்று வருடம் இருந்தால் அவருடைய லைஃப்டைம் வேல்யூ 7,200 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு, 700 ரூபாய் வரை ஒரு ஆளைப் பிடிக்கச் செலவு செய்யலாம்" என்கிறார். நம்பலாமா? இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்க முடியுமா? ஆர்டர் ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, காங்கேயம்

பதில்: 700 ரூபாய் போடாதீர்கள். இப்போதைக்கு ஒரு ஆளுக்கு 250-ஐத் தாண்ட வேண்டாம். ஏன் என்று உங்கள் ஷீட்டை வைத்தே சொல்கிறேன்.

ஏஜென்சிக்காரரின் பெருக்கலில் பிழை இல்லை. மாதம் கால் ஆர்டர் என்றால் 36 மாதத்தில் 9 ஆர்டர், முதல் ஆர்டரோடு 10. அதை 720-ஆல் பெருக்கினால் 7,200 வருகிறது. ஆனால் பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட மூன்று எண்களுமே தவறு.

முதலில் 720. அது விற்பனை, உங்கள் கையில் நிற்கும் பணம் இல்லை. உங்கள் ஷீட்டின் இரண்டாவது பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. கடலையும் எள்ளும் கொப்பரையும் வாங்கி, புண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்து, பாட்டிலையும் சேர்த்தால் ஒரு ஆர்டருக்கு 450 ரூபாய். அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், டேப் 25. கூரியர் 75. வழியில் ஒழுகிப்போய் மறுபடி அனுப்பியதும் பேமெண்ட் கட்டணமும் சேர்ந்து 10. மிச்சம் 160 ரூபாய். செக்கு ஓட்டும் ஆளின் சம்பளம், வாடகை, கரண்ட் பில், உங்கள் உழைப்புக்கான கூலி எல்லாம் இந்த 160-களிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இனி எங்கே 720 என்று கண்ணில் பட்டாலும் அதை 160 ஆக்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சிக்காரர் சொன்ன பத்து ஆர்டரும் வந்தால்கூட 1,600 ரூபாய்தான். (மாதாமாதம் டின் டின்னாக வாங்கும் இரண்டு மெஸ்களைத் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். நல்ல வேலை. அவை உள்ளே இருந்திருந்தால் சராசரியே கெட்டிருக்கும்.)

அடுத்தது 36 மாதம். உங்கள் கடைக்கே வயது ஆறு மாதம். ஏழாவது மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதற்கு உங்களிடம் ஒரு சாட்சிகூட இல்லை. நான் இந்த மாதிரிப் புதுக் கடைகளுக்கு 12 மாதத்தைத் தாண்டிக் கணக்கு போடுவதில்லை. பார்த்தது பாதி, ஊகம் பாதி என்ற அளவிலாவது இருக்கட்டும். அதற்கு மேல் போனால் எல்லாமே ஊகம். லைஃப்டைம் வேல்யூ என்று பெரிய பெயர் வைக்காமல், ஓராண்டு மதிப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்குள்ளான கணக்கு என்பதால் வட்டியையும் கழிக்கத் தேவையில்லை.

மூன்றாவது அந்த "நாலில் ஒருவர்". சிக்கல் முழுக்க இங்கேதான். இதைப் பார்க்க ஒரு அட்டவணை வேண்டும்: எந்த மாதம் முதல் முறை வாங்கினார்களோ அந்த மாத ஆட்கள் எல்லோரும் ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்தடுத்த மாதங்களில் மொத்தம் எத்தனை ஆர்டர் கொடுத்தது என்று எண்ண வேண்டும். கூகுள் ஷீட்ஸில் A-யில் மொபைல் நம்பர், B-யில் தேதி, C-யில் தொகை என்று வைத்துக்கொண்டு, D, E, F மூன்றிலும் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=MINIFS(B:B, A:A, A2)
=TEXT(D2, "yyyy-mm")
=(YEAR(B2)-YEAR(D2))*12 + MONTH(B2)-MONTH(D2)
```

D என்பது அந்த நம்பரின் முதல் ஆர்டர் தேதி, E அவருடைய பேட்ச், F முதல் மாதத்திலிருந்து எத்தனை மாதம் கழித்து இந்த ஆர்டர் வந்தது என்பது. பிறகு ஒரு பிவட் டேபிளில் வரிசைக்கு E, நெடுக்கைக்கு F, எண்ணிக்கைக்கு A. தொடங்குமுன் நம்பர்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். உங்கள் ஷீட்டில் ஒரே நம்பர் சில இடங்களில் +91 உடனும் சில இடங்களில் வெறும் பத்து இலக்கமாகவும் இருந்தது. அப்படியே விட்டால் திரும்ப வாங்கியவர் புது ஆளாகத் தெரிவார். கணவர் நம்பரிலிருந்து ஒரு தடவை, மனைவி நம்பரிலிருந்து ஒரு தடவை வந்த ஆர்டர்களையும் முகவரியைப் பார்த்து ஒன்றாக்கினேன். எண்ணெய் வாங்குவது ஆள் இல்லை, வீடு.

அதன்பின் கிடைத்தது இது. முதல் மாதத்துக்குள்ளேயே இரண்டாம் முறை வாங்கியவர்கள் வெகு சிலர்தான், அவர்களை எண்ணவில்லை.

| பேட்ச் | பேர் | 1 மாதம் கழித்து | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|---|
| ஜனவரி | 40 | 14 | 13 | 11 | 11 | 10 |
| பிப்ரவரி | 50 | 15 | 13 | 12 | 11 | |
| மார்ச் | 60 | 15 | 14 | 12 | | |
| ஏப்ரல் | 80 | 18 | 17 | | | |
| மே | 100 | 22 | | | | |
| ஜூன் | 120 | | | | | |

முதலில் மேலிருந்து கீழாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து 330 பேரிடமிருந்து 84 ஆர்டர், நூற்றுக்கு 25. இரண்டு மாதம் கழித்து 230 பேருக்கு 57, அதுவும் 25. மூன்றில் 23, நான்கில் 24, ஐந்தில் மறுபடி 25. ஏஜென்சிக்காரர் பார்த்தது இதைத்தான். கோடு போட்டது மாதிரி சமமாக இருக்கிறதே, இப்படியே மூன்று வருடம் போகும் என்று நினைத்துவிட்டார்.

இப்போது இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஜனவரி பேட்ச் 14-இல் தொடங்கி 10-க்கு வந்துவிட்டது. பிப்ரவரி 15-இலிருந்து 11. மார்ச் 15-இலிருந்து 12. கூடிய பேட்ச் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் இறங்கும்போது கூட்டுத்தொகை மட்டும் எப்படிச் சமமாக நிற்கிறது? அட்டவணையின் வலது ஓரத்தில் பழைய பேட்ச்கள் மட்டும்தான் இருக்கின்றன. அந்தப் பழைய பேட்ச்கள் ஆரம்பத்திலிருந்தே அதிகம் வாங்குகிறவை: ஒரு மாதம் கழித்து ஜனவரி ஆட்கள் நூற்றுக்கு 35 ஆர்டர் கொடுத்தார்கள், மே ஆட்கள் நூற்றுக்கு 22. நல்ல பேட்ச்கள் வலப்பக்கம் தாங்கிப் பிடிப்பதால் சரிவு மறைந்துவிடுகிறது.

ஜனவரி ஆட்கள் ஏன் அவ்வளவு நல்லவர்கள்? உங்கள் ஷீட்டின் குறிப்புப் பகுதியே சொல்கிறது. "சித்தி வீடு", "பழைய ஆபீஸ்", "பாப்பா ஸ்கூல் மிஸ்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். விளம்பரம் தொடங்கியது மார்ச்சில். அதற்கு முன் வந்த 90 பேரில் பெரும்பாலோர் உங்களுக்காக வாங்கினவர்கள். அவர்கள் வாங்கும் வேகத்தை, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்து வருகிறவர்மேல் ஏற்றக் கூடாது. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாட்டுச்சர்க்கரை விற்ற ஒருவருக்கு, முதல் மூன்று மாத ஆட்களை வைத்து அழகான கணக்கு ஒன்று போட்டுக்கொடுத்தேன். அவர் அதை நம்பி விளம்பரத்தைக் கூட்டினார். நான் கணக்கில் எடுத்த ஆட்களில் பாதிப்பேர் அவருடைய சொந்தக்காரர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து, வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்று கேட்காமல் நான் கால்குலேட்டரைத் தொடுவதில்லை.

சரி, மார்ச், ஏப்ரல், மே பேட்ச்களை மட்டும் எடுப்போம். ஒரு மாதம் கழித்து 240 பேருக்கு 55 ஆர்டர், நூற்றுக்கு 23. இரண்டு மாதம் கழித்து 140 பேருக்கு 31, நூற்றுக்கு 22. மூன்று மாதம் கழித்து 60 பேருக்கு 12, நூற்றுக்கு 20. இதுவரை கண்ணால் பார்த்தது.

இதற்குப் பிறகு வருவதை ஊகிக்க, பேட்ச்கள் எந்த வேகத்தில் சரிகின்றன என்று பார்க்கிறேன். ஜனவரி நான்கு மாதத்தில் 14-இலிருந்து 10, பிப்ரவரி மூன்று மாதத்தில் 15-இலிருந்து 11, மார்ச் இரண்டு மாதத்தில் 15-இலிருந்து 12. மூன்றுமே மாதம் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைகின்றன. சொந்தக்காரர்களின் அளவு வேண்டாம், ஆனால் அவர்கள் சரியும் வேகத்தைக் கடன் வாங்கலாம், அவர்களுக்கே அந்த வேகம் என்றால் மற்றவர்களுக்கு அதைவிட மெதுவாக இருக்காது என்ற எண்ணத்தில். ஆக 20-க்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே போனால்: 18, 16, 15, 13, 12, 11, 10, 9. இவற்றோடு முதல் ஆர்டர் 100, பார்த்த 23, 22, 20 எல்லாம் சேர்த்தால், விளம்பரத்தில் வந்த 100 பேர் ஓராண்டில் ஏறக்குறைய 269 ஆர்டர் கொடுப்பார்கள். ஒரு ஆர்டருக்கு 160 என்றால் 43,000 ரூபாய். தலைக்கு 430.

பத்து சதவீதம் என்பது தப்பாக இருந்தால்? மாதம் இருபது சதவீதம் சரிந்தால் 231 ஆர்டர், தலைக்கு 370 ரூபாய். சரிவே நின்று 20-லேயே தொடர்ந்தால் 325 ஆர்டர், 520 ரூபாய். ஊகத்தை இவ்வளவு அகலமாக வைத்தும் விடை 370-க்கும் 520-க்கும் நடுவில்தான் விழுகிறது. மொத்தத்தில் 165 ஆர்டர் ஏற்கெனவே பார்த்த மாதங்களிலிருந்து வருவதுதான் காரணம். 12 மாதத்தோடு நிறுத்தச் சொன்னதும் இதற்காகத்தான். இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன்: பத்து சதவீதச் சரிவை ஓராண்டில் நிறுத்தாமல் முடிவே இல்லாமல் ஓடவிட்டால் என்ன வருகிறது என்று. 550 ரூபாய்தான். 700-ஐத் தொடவில்லை. நீண்ட காலத்தில் பழைய வாடிக்கையாளர்களின் சரிவு மெதுவாகும் என்பது உண்மை, போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுவதால் மிஞ்சுகிறவர்கள் உறுதியானவர்களாக இருப்பார்கள். அந்தப் பணம் வந்தால் வரட்டும், அதை இன்றே செலவு செய்ய வேண்டாம்.

நான் ஆர்டரைத்தான் எண்ணினேன், "எத்தனை பேர் விட்டுப் போனார்கள்" என்று எண்ணவில்லை, கவனித்தீர்களா? விட்டுப் போகிறவர்களின் சதவீதத்தைக் கண்டுபிடித்து ஒன்றை அதால் வகுத்தால் ஆயுள் கிடைக்கும் என்று ஒரு சூத்திரம் எல்லா இடத்திலும் சொல்வார்கள். கேபிள் இணைப்புக்கு அது பொருந்தும், இணைப்பைத் துண்டித்தால் துண்டித்த தேதி தெரியும். எண்ணெய்க்கு அப்படி இல்லை. ஐந்து லிட்டர் கேன் வாங்கின வீட்டில் அது இரண்டு மாதம் ஓடும். ஒரு மாதம் வராதவர் போய்விட்டாரா, கேன் இன்னும் தீரவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது. தொடங்கின தலைக்கு எத்தனை ஆர்டர் என்று எண்ணினால் அந்தக் கேள்வியே எழாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாங்குகிறவர் அரை ஆர்டராகத் தானே கணக்கில் வந்துவிடுவார்.

அட்டவணையைப் படிப்பதில் இன்னொரு பழக்கம் வையுங்கள். ஒரு வரிசை முழுக்கக் குறைவாக இருந்தால் அந்த மாதம் வந்த ஆட்களில் கோளாறு, உதாரணமாகப் பெரிய தள்ளுபடி போட்டு இழுத்திருப்பீர்கள். நெடுக்கு முழுக்கக் குறைந்தால், அது முதல் ஆர்டருக்குப் பிறகு மாதங்கள் கழிவதால் வரும் குறைவு. மூலைவிட்டமாகக் குறைந்தாலோ கூடினாலோ அது காலண்டர். மூலைவிட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மாதத்து ஆர்டர்கள். தீபாவளிக்குப் பலகாரம் சுட எண்ணெய் வாங்குவார்கள், அந்த மாத மூலைவிட்டம் முழுக்கத் துள்ளும். அதைப் பார்த்துவிட்டு "கஸ்டமர்கள் திரும்ப வருகிறார்கள்" என்று சரிவைத் திருத்தாதீர்கள். அதே மாதிரி மாதம் முடியாமல் 18-ஆம் தேதி அட்டவணையைப் போட்டால் கடைசி மூலைவிட்டம் எப்போதும் பாதாளத்தில் கிடக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மாதம் முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது விளம்பரச் செலவு. மே மாதம் 24,000-க்கு 100 பேர், தலைக்கு 240 என்கிறீர்கள். 100 பேருக்குப் போட்ட 24,000 திரும்ப வர 150 ஆர்டர் வேண்டும். முதல் மாதம் 100, பிறகு 23, 22, கூட்டினால் 145. மூன்றாவது மாதத்தின் 20 வரும்போது போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அதுவரை பள்ளம் உங்கள் பையில்தான். 120 பேரை 240-க்குப் பிடித்தால் 28,800 வெளியே போகிறது, முதல் ஆர்டரில் 19,200 வருகிறது, பள்ளம் 9,600. அதே 120 பேரை 700-க்குப் பிடித்தால் 84,000 போய் அதே 19,200 வரும். பள்ளம் 64,800. ஓராண்டு முடிந்தும், மோசமான கணக்கின்படி மொத்தம் 44,400-தான் திரும்பும், நல்ல கணக்கின்படியே 62,400. அந்தப் பள்ளம் மூடாது.

250 என்று நான் வரம்பு வைத்ததற்குக் காரணம், 370-ஐ நம்பினால் தலைக்கு 120 ரூபாயாவது சம்பளத்துக்கும் வாடகைக்கும் மிஞ்சட்டும் என்பதுதான்.

ஆனால் அந்த 240-லேயே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மே மாதம் வந்த 100 பேரும் விளம்பரம் பார்த்தா வந்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தவர் 30 பேர் இருந்தால், 24,000-ஐ 70-ஆல்தான் வகுக்க வேண்டும். தலைக்கு 343 ரூபாய் ஆகிவிடும், மோசமான கணக்கின் 370-க்கு வெகு பக்கத்தில். விளம்பரம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மொத்தப் புது ஆட்களால் வகுத்துத்தான் அறிக்கை தருவார்கள், அவர்களுக்கு அது வசதி. நீங்கள் புது ஆள் யார் வந்தாலும் வாட்ஸ்அப்பில் "நம்ம எண்ணெயப் பத்தி எங்க கேள்விப்பட்டீங்க?" என்று ஒரு வரி கேட்டு, பதிலை ஷீட்டில் ஒரு நெடுக்கில் போட்டுவிடுங்கள். இரண்டு மாதத்தில் விளம்பர ஆட்களையும் வாய்வழி ஆட்களையும் தனித்தனி பேட்ச்சாகவே பார்க்கலாம்.

இதைவிட நுட்பமான மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1987-இல் ஷ்மிட்லைன், மாரிசன், கொலம்போ மூவரும் கொடுத்த பரேட்டோ/என்பிடி, 2005-இல் ஃபேடர், ஹார்டி, லீ அதை எளிதாக்கிய பிஜி/என்பிடி இரண்டும் இந்த "போய்விட்டாரா, தீரவில்லையா" கேள்விக்காகவே செய்யப்பட்டவை. இரண்டாவதை எக்செலிலேயே போடலாம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரும் ஒன்றிரண்டு வருடக் கணக்கும் சேர்ந்தபின் அதற்குப் போகலாம். சித்தி வீட்டையும் இன்ஸ்டாகிராம் ஆளையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் அதுவும் தப்பான விடையைத்தான் தரும், தசமப் புள்ளிக்குப் பிறகு நிறைய இலக்கங்களோடு.

என் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. மூன்றாவது மாதத்தின் 20 என்பது 60 பேரில் 12 ஆர்டரை நம்பி நிற்கிறது. இன்னொரு 60 பேரில் அது 8 ஆகவும் வரலாம், 16 ஆகவும் வரலாம். அதனால் இதை மாதாமாதம் சோதிக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே எண்ணை எழுதி வைத்துவிட வேண்டும். ஜூலைக்கு நான் எழுதி வைப்பது இது: மார்ச் பேட்ச்சிலிருந்து 11, ஏப்ரலிலிருந்து 16, மே-யிலிருந்து 22, ஜூனிலிருந்து 28. மொத்தம் 77 திரும்பும் ஆர்டர்கள். சின்ன எண்கள் என்பதால் பத்துப் பதினைந்து இப்படி அப்படி ஆடும். 60-க்குக் கீழே போனால் 370-ஐயும் மறந்துவிட்டு, விளம்பரத்தை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

மொத்தத்தைவிட ஜூன் பேட்ச்சின் எண்ணை உன்னிப்பாகப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து வாங்கியது மார்ச்சில் நூற்றுக்கு 25, ஏப்ரலில் 22 அல்லது 23, மே-யில் 22. விளம்பரம் விரிய விரிய, வாங்கிப் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் அதிகமாக வருகிறார்களோ என்று தோன்றுகிறது. மூன்று பேட்ச்சை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூனின் 120 பேரில் 28-க்குப் பதில் 22, 23 தான் வந்தால், செலவைக் கூட்டும் பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, ஏஜென்சிக்காரரிடம் விளம்பரம் எந்த ஊர்களுக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.